எட்டுத் திசைக்கு ஐந்து படம்

1993 டிசம்பர் 10 அன்று வெளியான ‘டூம்’ கேமில் இம்ப் என்றொரு பிராணி வரும். பழுப்பு உடம்பு, அங்கங்கே முட்கள், எறிவதற்கு நெருப்பு உருண்டை. அது போகிற போக்கில் நாம் ஓரமாக ஒதுங்கி நின்றால் அதன் பக்கவாட்டுத் தோற்றம் தெரியும். பின்னால் போனால் முதுகு தெரியும். சுற்றி வந்து பார்க்கிறவருக்கு முழு உடம்பு ஒன்று அங்கே நிற்பதாகத்தான் தோன்றும். ஆனால் அங்கே இருப்பது ஒரே ஒரு தட்டைப் படம். அது எப்போதும் நம் பக்கமே திரும்பி நிற்கிறது. நாம் நகர நகர, அந்த இடத்தில் எந்தப் படத்தை ஒட்டுவது என்பதை மட்டும் கம்ப்யூட்டர் மாற்றிக்கொண்டே வருகிறது. இப்படித் திரையில் ஒட்டப்படும் படத்தைத்தான் கேம் செய்கிறவர்கள் ஸ்பிரைட் என்கிறார்கள்.

எத்தனை படம் இருந்தால் கண்ணை ஏமாற்றலாம்? டூமை உருவாக்கிய ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம், எட்டுத் திசை போதும் என்று அதற்கு முன்பே முடிவு செய்திருந்தது. முகம், முதுகு, இரண்டு பக்கவாட்டு, இவற்றுக்கு நடுவில் நான்கு சாய்வுகள். 1992இல் வெளியான அவர்களின் ‘வூல்ஃபென்ஸ்டைன் 3டி’யில் ஒரு சாதாரணக் காவலன் நிற்பதற்கு 8 படம், நடையின் நான்கு நிலைகளுக்கு 32 படம், ஆக 40 படம் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். துப்பாக்கி சுடும் நிலைக்கு முன்பக்கப் படம் மட்டும்தான். சுடும்போது அவன் நம்மைப் பார்த்துத்தானே சுடுவான் என்ற கணக்கு. பெரிய வில்லன்களுக்கு அதுகூட இல்லை. அவர்களின் முதுகை யாரும் பார்க்கவே முடியாது. எந்தப் பக்கம் போனாலும் முகத்தைத்தான் காட்டுவார்கள்.

டூமில் இந்தச் செலவு குறைக்கப்பட்டது. இடப்பக்கம் பார்க்கும் படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலப் புரட்டினால் வலப்பக்கம் பார்க்கும் படம் கிடைத்துவிடும். எனவே முகம், முதுகு, இரண்டுக்கும் நடுவே ஒரு பக்கத்தில் மூன்று என ஐந்து படம் இருந்தால் எட்டுத் திசையும் கைக்கு வந்துவிடும். வேலை பாதியாகக் குறைகிறது என்று வழக்கமாகச் சொல்வார்கள். சரியாகச் சொன்னால் எட்டில் ஐந்து பங்கு. முகத்துக்கும் முதுகுக்கும் ஜோடி கிடையாதே! திசைகள் கூடக்கூடத்தான் இது பாதியை நெருங்கும். 1998இல் வந்த ‘ஸ்டார்கிராஃப்ட்’ 32 திசைகளைக் காட்டியது. சேமித்தது 17 படம். ‘ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்’ கேமில் வயலில் உழைக்கும் கிராமத்தான் டூமைப் போலவே ஐந்து படத்தில் எட்டுத் திசை திரும்புகிறவன்தான்.

டூமின் படங்கள் பிறந்த விதமும் சுவையானது. ஏட்ரியன் கார்மக் என்ற ஓவியர் சில பாத்திரங்களைக் களிமண்ணில் உருவமாகச் செய்தார். அதைச் சுழலும் தட்டில் வைத்து, ஒவ்வொரு நிலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வீடியோ கேமராவால் படம் பிடித்தார்கள். பிடித்த படத்தைக் கம்ப்யூட்டருக்குள் இழுத்து, நிறங்களைக் குறைத்து, பிக்சல் பிக்சலாகச் செப்பனிட வேண்டும். (நிரலை எழுதிய ஜான் கார்மக்குக்கும் இவருக்கும் பெயர்தான் பொருத்தம், உறவு எதுவும் இல்லை.) களிமண் கையையும் காலையும் அடுத்த நிலைக்கு வளைத்துவிட்டு மறுபடியும் சுற்றுத் தொடங்கும். இப்படி வேலை செய்யும்போது எட்டு நிறுத்தத்துக்குப் பதில் ஐந்து நிறுத்தம் என்றால் எவ்வளவு மிச்சம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கேம் ஓடவேண்டிய கம்ப்யூட்டரின் நினைவகம் 4 எம்பி என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இம்ப்பையே கணக்குப் போட்டுப் பார்ப்போம். அதற்கு நடை நான்கு நிலை, தாக்குதல் மூன்று, அடிபட்டுத் துடிப்பது ஒன்று. இந்த எட்டு நிலைக்கும் திசை வேண்டும். எட்டையும் எட்டால் பெருக்கினால் 64 படம். ஐந்தால் பெருக்கினால் 40. சாகும் காட்சிக்கும் சிதறும் காட்சிக்கும் சேர்த்து இன்னும் 13 நிலை உண்டு. அவற்றுக்குத் திசையே இல்லை, நிலைக்கு ஒரு படம்தான். செத்துக் கிடக்கும் இம்ப்பைச் சுற்றி வந்து பாருங்கள். அதுவும் உங்களோடு சேர்ந்து சுற்றும். பிணம் திரும்பிப் பார்க்கிறதே என்று விளையாடுகிறவர்கள் யாரும் பெரிதாகக் கவலைப்பட்டதில்லை.

எந்தப் படம் எந்தத் திசைக்கு என்ற தகவலை டூம் தனிப் பட்டியலில் வைப்பதில்லை. படத்தின் பெயரிலேயே அது இருக்கிறது. இம்ப்பின் முதல் நடை நிலைக்கான ஐந்து படங்களின் பெயர்கள் இவை:

```
TROOA1  TROOA2A8  TROOA3A7  TROOA4A6  TROOA5
```

முதல் நான்கு எழுத்து, யாருடைய படம் என்பதைச் சொல்கிறது. அடுத்த எழுத்து நிலை. அதன்பின் வரும் எண் திசை: 1 என்றால் நம்மைப் பார்க்கிறது, 5 என்றால் முதுகு, 3 என்றால் நம் இடப்பக்கம் பார்க்கிறது. பெயர் இன்னும் நீண்டால், இதே படத்தைப் புரட்டி வேறோர் இடத்திலும் பயன்படுத்திக்கொள் என்று பொருள். `TROOA3A7` என்ற படம் அப்படியே போட்டால் மூன்றாம் திசை, புரட்டிப் போட்டால் ஏழாம் திசை. ஒரு பெயருக்கு எட்டு எழுத்துக்கு மேல் இடமில்லாத அமைப்பில் அந்த எட்டையும் வீணாக்காமல் நிரப்பியிருக்கிறார்கள்.

படத்தைப் புரட்டுவதற்கு நேரம் ஆகாதா? ஆகாது. டூம் தன் படங்களை நெடுவரிசைகளாகச் சேமிக்கிறது: இடது ஓரத்து மேலிருந்து கீழ் ஒரு பட்டை, அதற்கு அடுத்த பட்டை என்று வலது ஓரம்வரை. திரையில் வரையும்போதும் பட்டை பட்டையாகவே வரைகிறது. புரட்ட வேண்டுமானால் முதல் பட்டைக்குப் பதில் கடைசிப் பட்டையில் தொடங்கிப் பின்னோக்கி வந்தால் போதும். வேலையின் அளவு ஒன்றேதான்.

இனி, எந்தத் திசைப் படத்தை எடுப்பது என்ற கேள்வி. டூமின் மூல நிரலை 1997 டிசம்பரில் பொதுவெளியில் விட்டுவிட்டார்கள். அதிலிருந்து இதற்கான இரண்டு வரியை அப்படியே பார்க்கலாம்:

```
ang = R_PointToAngle (thing->x, thing->y);
rot = (ang-thing->angle+(unsigned)(ANG45/2)*9)>>29;
```

பார்க்கத்தான் மிரட்டும். `ang` என்பது நம் இடத்திலிருந்து இம்ப் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பது. `thing->angle` என்பது இம்ப் எந்தக் கோணத்தை நோக்கி நிற்கிறது என்பது. ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்து, 202.5 பாகை கூட்டி, 45ஆல் வகுத்து, பின்னத்தைத் தள்ளிவிட்டால் பூஜ்யத்திலிருந்து ஏழு வரை ஓர் எண் வரும். அதோடு ஒன்றைக் கூட்டினால் படத்தின் பெயரில் இருக்கும் திசை எண். டூம் வட்டத்தை 360 பாகையாகப் பிரிக்காமல் 32 பிட் எண் ஒன்றின் முழு அளவாக வைத்துக்கொள்வதால், 45ஆல் வகுக்கும் வேலையைக் கடைசியில் வரும் `>>29` முடித்துவிடுகிறது. வட்டத்தைத் தாண்டிப் போகும் எண்களும் தாமாகவே சுற்றி வந்துவிடும்.

எண்ணைப் போட்டுப் பார்த்தால் தெளிவாகும். நாம் கிழக்கே பார்த்து நிற்கிறோம். இம்ப் நேர் எதிரே நிற்கிறது. டூமின் கணக்கில் கிழக்கு 0, வடக்கு 90, மேற்கு 180. இம்ப் நம்மையே பார்த்தால் அது மேற்கு நோக்கி நிற்கிறது: 0 கழித்தல் 180, கூட்டல் 202.5, வருவது 22.5. 45ஆல் வகுத்தால் முழு எண் பூஜ்யம். முதல் படம், அதாவது முகம். இம்ப் கொஞ்சம் திரும்பி 100 பாகையில், ஏறக்குறைய வடக்கே பார்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். 202.5இல் 100 போனால் 102.5, வகுத்தால் 2. மூன்றாம் படம், நம் இடப்பக்கம் பார்த்த தோற்றம். அதே அளவு எதிர்ப்பக்கம் திரும்பி 260இல் நின்றால்? விடை கழித்தல் 57.5. ஒரு சுற்றைக் கூட்டினால் 302.5, வகுத்தால் 6; ஏழாம் திசை. ஏழுக்கென்று தனிப் படம் இல்லை, எனவே மூன்றாவதைப் புரட்டிப் போடு.

202.5 எங்கிருந்து வந்தது? அதில் 180, நம் பார்வையும் இம்ப்பின் பார்வையும் எதிரெதிராக இருக்கும்போது முகம் தெரியவேண்டும் என்பதற்காக. மீதி 22.5, ஒவ்வொரு படமும் தன் திசைக்கு இரண்டு பக்கமும் அரைப் பங்கை ஆளவேண்டும் என்பதற்காக. அந்த அரைப் பங்கை மறந்துவிட்டால் நேராக வருகிற பிராணி ஒரு நொடி முகத்தையும் மறுநொடி சாய்வையும் மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருக்கும். முதன்முதலாக எட்டுத் திசை செய்து பார்க்கிறவர்கள் பலரும் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். நேர்த் திசையில் நடக்கும்போது மட்டும் படம் துடிக்கிறது என்றால் காரணம் இதுவாகத்தான் இருக்கும். விளையாடுகிறவரின் கைப்பிடியை வைத்துத் திசை மாறும் கேம்களில் எல்லைக்கோட்டின் மேலேயே விரல் நடுங்குவதும் உண்டு. அங்கே, பழைய திசையை விட்டுக் கூடுதலாக ஐந்தாறு பாகை போனால்தான் புதிய படத்துக்கு மாறுவேன் என்று ஒரு பிடிவாதம் வைத்துவிட்டால் துடிப்பு அடங்கிவிடும்.

மேலே உள்ள கணக்கில் நடையின் எந்த நிலை என்ற பேச்சே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். டூமின் உண்மையான சாமர்த்தியம் புரட்டுவதில் இல்லை, இங்கேதான் இருக்கிறது. இம்ப்பின் காலக்கணக்கு தனி ஓட்டம். டூமின் கடிகாரம் நொடிக்கு 35 முறை துடிக்கும். நடைப்படம் ஒவ்வொன்றும் ஆறு துடிப்பு நிற்கும். நான்கும் முடிய 24 துடிப்பு, முக்கால் நொடிக்குச் சற்றுக் குறைவு. இந்த ஓட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம் இப்போது A நிலையா, B நிலையா என்பது மட்டுமே. எந்தத் திசை என்பது வரையும் நொடியில், ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்கிடப்படுகிறது. அதனால் இம்ப் ஒரு காலைத் தூக்கிய நிலையில் திரும்பினால், தூக்கிய காலோடுதான் திரும்பும். நடை முதலிலிருந்து தொடங்குவதில்லை.

அது சட்டென்று புரண்டு திரும்புவதும் இல்லை. எந்தப் பக்கம் போகவேண்டும் என்று மூன்று துடிப்புக்கு ஒருமுறை யோசிக்கும்போது, போகும் திசைக்கும் பார்க்கும் திசைக்கும் வித்தியாசம் இருந்தால் 45 பாகை மட்டும் திரும்பும். முழுதாகப் பின்புறம் திரும்ப நான்கு தவணை ஆகும், ஏறத்தாழ மூன்றில் ஒரு நொடி. அதற்குள் நடையும் இரண்டு நிலை முன்னேறியிருக்கும். முகம், சாய்வு, பக்கவாட்டு, சாய்வு, முதுகு என்று வரிசையாகத் தெரிவதால்தான் அந்தத் திருப்பம் உடம்புள்ள ஒன்று திரும்புவதுபோல இருக்கிறது.

தாக்குதலிலும் இதே ஏற்பாடு. கையை ஓங்குவது, இறக்குவது, வீசுவது என மூன்று நிலை, மொத்தம் 22 துடிப்பு. ஒவ்வொரு நிலையின் தொடக்கத்திலும் இம்ப் எதிரியின் பக்கம் திரும்பிக்கொள்கிறது. வீசும் நொடியிலும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறது. நாம் பக்கவாட்டில் ஓடினாலும் ஓங்கிய கை ஓங்கியபடியே நம்மைத் தொடர்வது இதனால்தான். நம்மைக் குறி பார்க்கும்போது பெரும்பாலும் முன்பக்கம்தானே தெரியும், வூல்ஃபென்ஸ்டைன் போல ஒரே படத்தோடு முடித்திருக்கலாமே என்று கேட்கலாம். டூமில் பிராணிகள் தங்களுக்குள்ளும் அடித்துக்கொள்ளும். அந்தச் சண்டையை ஓரமாக நின்று பார்க்கிறவருக்குப் பக்கவாட்டுப் படம் வேண்டும்.

நெருப்பு உருண்டை எந்தக் கையிலிருந்து கிளம்புகிறது? எந்தக் கையிலிருந்தும் இல்லை. இம்ப் நிற்கும் இடத்தின் நட்டநடுவில், தரையிலிருந்து 32 அலகு உயரத்தில் அது பிறக்கிறது. படம் புரட்டப்பட்டிருக்கிறதா இல்லையா என்று வீசும் நிரல் கேட்கவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. கை நுனியிலிருந்துதான் கிளம்பவேண்டும் என்று ஆசைப்பட்டால், படத்தைப் புரட்டும்போது அந்தப் புள்ளியையும் சேர்த்துப் புரட்ட வேண்டும். வாள் வீசும் பாத்திரமானால் வாள் படும் பகுதியையும் அப்படியே. அதை மறந்த கேமில் வலப்பக்கம் வெட்டினால் இடப்பக்கம் நிற்பவன் விழுவான்.

இன்று சொந்தமாகக் கேம் செய்கிறவர்கள் கையில் எடுக்கும் கருவிகளில் ஒன்று கோடோ. அதில் புரட்டுவதற்கு `flip_h` என்ற ஒரு பொத்தான் போதும். ஆனால் டூமில் தனித்தனியாக இருந்த திசையும் நிலையும் இங்கே ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. ‘முன்பக்க நடை’ ஓர் அசைவு, ‘சாய்வு நடை’ இன்னோர் அசைவு என்று பெயர் வைத்துப் பிரித்துத்தான் படங்களை உள்ளே வைப்போம். திசை மாறும்போது புதிய பெயரைச் சொல்லி ஓடவிட்டால், அந்த அசைவு தன் முதல் படத்திலிருந்து தொடங்கும். நேராக நடக்கும்வரை ஒரு குறையும் தெரியாது. பாத்திரத்தைச் சின்ன வட்டமாக ஓடவிட்டுப் பாருங்கள்: திசை மாறிக்கொண்டே இருப்பதால் ஒவ்வொரு அசைவும் முதல் படத்தைத் தாண்டுவதற்குள் அடுத்தது தொடங்கிவிடும். கால் அசையாது, உடம்பு மட்டும் எண்ணெய்த் தரையில் சறுக்குவதுபோல வட்டமடிக்கும். மாற்றுவதற்கு முன் எந்தப் படத்தில் இருந்தோம், அந்தப் படத்துக்குள் எவ்வளவு நேரம் கடந்தது என்ற இரண்டையும் எடுத்து வைத்துக்கொண்டு, மாற்றிய பின் திருப்பிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்:

```
var f = sprite.frame
var p = sprite.frame_progress
sprite.play("walk_side")
sprite.set_frame_and_progress(f, p)
```

இரண்டாவது வரியைச் சிலர் விட்டுவிடுவார்கள். கால் அசையும், ஆனால் திரும்பும்போதெல்லாம் ஒரு படம் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்று நடை நொண்டும்.

புரட்டியதற்கு ஒரு விலையும் உண்டு. சட்டைப் பை இடது மார்பில் இருப்பவர் கண்ணாடியில் வலது மார்பில் பையோடு நிற்கிறார். இடது தோளில் போட்ட முந்தானை வலது தோளுக்குப் போய்விடுகிறது. டூமில் துப்பாக்கியோடு திரியும் ஸோம்பிச் சிப்பாய் அப்படித்தான். நம் இடப்பக்கம் பார்த்து நடக்கும்போது ஒரு கைப்பழக்கம், வலப்பக்கம் திரும்பியதும் இன்னொரு கைப்பழக்கம். பத்தடி தூரத்தில் அவசரமாகச் சுடுகிறவர் கண்ணில் இது படுவதில்லை. சைபர்டீமன் என்ற ராட்சதன் விஷயத்தில் அப்படி விட்டுவிட முடியவில்லை. அவனுடைய இடது கையே ஒரு ராக்கெட் குழாய். புரட்டினால் குழாய் கை மாறும், எவரும் கவனித்துவிடுவார்கள். அதனால் அவனுக்கு எட்டுத் திசையும் தனித்தனியாகச் செய்தார்கள்.

கைக்கு அடுத்தது கால். இது இன்னும் நுட்பமானது, பலர் யோசிக்காமலே கடந்துபோவது. நடையின் A நிலையில் இடது கால் முன்னே இருக்கிறது, இரண்டு நிலை தள்ளி C நிலையில் வலது கால் முன்னே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். A நிலைப் படத்தைப் புரட்டினால் என்ன வரும்? வலது கால் முன்னே இருக்கும் படம் வரும். அதாவது, பெயருக்கு A ஆனாலும் உண்மையில் அது C. `TROOA2A8` என்று பெயர் வைத்திருப்பதால், இம்ப் முகத்திலிருந்து இரண்டாம் திசைக்குத் திரும்பினால் கால் சரியாக இருக்கும். எட்டாம் திசைக்குத் திரும்பினால் இரண்டு காலும் ஒரே நொடியில் இடம் மாறிவிடும். ஒரு படம் நிற்பதே நொடியில் ஆறில் ஒரு பங்கு என்பதால் இந்தக் கேமில் அது பெரிதாக உறுத்துவதில்லை. மெதுவாக நடக்கிற, பெரிதாக வரையப்பட்ட பாத்திரத்தில் உறுத்தும்; திரும்பும்போது நடையில் ஒரு விக்கல் தெரியும்.

மருந்து டூமின் பெயர்முறைக்குள்ளேயே இருக்கிறது. பெயரின் இரண்டாம் பாதியில் அதே எழுத்துதான் வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. `A2C8` என்று வைத்தால், A நிலையின் இரண்டாம் திசைப் படத்தைப் புரட்டி C நிலையின் எட்டாம் திசைக்குக் கொடு என்று ஆகிவிடும். கால் சரியாகப் பொருந்தும். படம் ஒன்றும் கூடாது; அதே இருபதுதான். டூமுக்குள் இப்படி எழுத்து மாறும் பெயர் இருக்கவும் செய்கிறது. எந்திரக் கால்கள் பூட்டிய சிலந்தி ராட்சசியின் படம் ஒன்றுக்கு `SPIDA1D1` என்று பெயர். முன்பக்கம் தெரியும் A நிலையைப் புரட்டினால் அதே முன்பக்கத்தின் D நிலை.

இந்தச் சிலந்தி வழியைக் கடைசிவரை பிடித்துக்கொண்டு போனால் வேடிக்கையான ஒரு விடை வரும். நான்கு நிலை நடையில் A, B என்ற இரண்டு நிலைக்கு மட்டும் எட்டுத் திசையும் செய்கிறோம், 16 படம். C முழுதும் A-யைப் புரட்டியது, D முழுதும் B-யைப் புரட்டியது. மொத்தம் வேண்டிய 32 திசைப் படங்களும் வந்துவிட்டன, கால் எங்கும் பிசகவில்லை. சாதாரண முறையில் 20 படம் ஆகும், காலும் பிசகும். சரியான வழிதான் மலிவான வழியும். சொல்லிக்கொண்ட ‘பாதி’ இங்கேதான் உண்மையாகவே பாதியாகிறது.

அப்படியானால் எல்லாப் பாத்திரத்துக்கும் இதையே செய்திருக்கலாமே? சிப்பாயின் துப்பாக்கியை நினைத்துப் பாருங்கள். முன்பக்க A-யைப் புரட்டி முன்பக்க C ஆக்கினால், அவன் திரும்பாமல் நேராக நடந்து வரும்போதே ஒவ்வோர் அடிக்கும் துப்பாக்கி ஒரு கையிலிருந்து மறு கைக்குத் தாவும். சிலந்திக்குப் பொருந்தும், கையில் ஒன்றும் இல்லாத மிருகத்துக்குப் பொருந்தும். ஆயுதம் ஏந்தியவனுக்குப் பொருந்தாது. அவனுக்கு முகத்தையும் முதுகையும் நான்கு நிலையிலும் தனியாகச் செய்துவிட்டு, பக்கங்களை மட்டும் `A2C8` என்று குறுக்காகக் கட்டுவதே நல்லது என்பது என் கட்சி. கை திரும்பும்போது மட்டும் மாறும், கால் எப்போதும் மாறாது. 1996இல் வந்த ‘டியாப்ளோ’ இந்தத் தலைவலிக்கே இடம் கொடுக்கவில்லை. பாத்திரங்களை முப்பரிமாண மாதிரியாகச் செய்து கம்ப்யூட்டரையே எட்டுத் திசைக்கும் படம் எடுக்கச் சொன்னார்கள். மனிதக் கை சேமிக்கும் வேலை அங்கே குறைவு. ஒரு கையில் வாளும் மறு கையில் கேடயமும் உள்ளவனைப் புரட்டவும் முடியாது.

கடைசியாக ஒரு பிழை. டூமின் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் ஊன்றுபுள்ளி உண்டு: படத்தின் இடது ஓரத்திலிருந்து எத்தனை பிக்சல் தள்ளிப் பாத்திரத்தின் நடு அச்சு இருக்கிறது என்ற எண். 40 பிக்சல் அகலப் படத்தில் கை ஒரு பக்கமாக நீண்டிருப்பதால் நடு அச்சு 16ஆம் பிக்சலில் விழுகிறது என்போம். படத்தைப் புரட்டினால் அச்சு 24ஆம் பிக்சலுக்குப் போய்விடும். மூல டூம் நிரலோ புரட்டினாலும் புரட்டாவிட்டாலும் 16ஐத்தான் கழிக்கிறது. விளைவு, புரட்டிய படம் முழுதும் எட்டு பிக்சல் தள்ளி நிற்கும். பாத்திரம் இரண்டாம் திசையிலிருந்து முகத்துக்கும், முகத்திலிருந்து எட்டாம் திசைக்கும் போகும்போது ஒரு பக்கம் மட்டும் குதித்து நகரும். அச்சு படத்தின் நட்டநடுவில், 20இல், இருந்தால் இந்தப் பிழை வெளியே தெரியவே தெரியாது. டூமுக்கு இலவசப் படங்கள் செய்துவந்த ‘ஃப்ரீடூம்’ திட்டத்தின் இம்ப் இதில் மாட்டிக்கொண்டது. மூல நிரலிலிருந்து கிளைத்த ‘பிஆர்பூம்’ என்ற வடிவத்தில், புரட்டும்போது ஊன்றுபுள்ளியையும் புரட்ட வேண்டும் என்ற திருத்தம் 2003இல் சேர்ந்தது. அகலத்திலிருந்து பழைய எண்ணைக் கழிக்க வேண்டும், அவ்வளவுதான்.

உங்கள் கேமில் இது இருக்கிறதா என்று பார்க்க, பாத்திரத்தை ஒரே இடத்தில் நிறுத்தி, காலடியில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்து, எட்டுத் திசையும் மெதுவாகத் திருப்புங்கள். ஐந்து திசையில் புள்ளி காலடியிலேயே இருந்து, மூன்றில் மட்டும் ஒரே பக்கமாக விலகினால் புரட்டும் இடத்தில் ஊன்றுபுள்ளி விட்டுப்போயிருக்கிறது. எட்டிலும் தாறுமாறாக விலகினால் படம் வெட்டியவரிடம்தான் கேட்கவேண்டும்.